கன்டென்ட் மார்க்கெட்டிங், பிராண்ட் ஸ்டோரிடெல்லிங்: பேக்கரிக்காரருக்குப் புரிகிற சொல் வேண்டும்

களியக்காவிளையிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பகுதி வியாபாரிகளுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் உதாரணமாக வருவது என் தங்கச்சி வீட்டுப் பேக்கரி. ஒரே அடுப்பு. பன், பப்ஸ், ரஸ்க், டிசம்பர் வந்தால் பிளம் கேக். கொஞ்சம் நடந்தால் கேரளம், அதனால் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மலையாளிகள்.

போன கிறிஸ்துமஸுக்கு கேக்குப் பழம் ஊறுவதை இன்ஸ்டாகிராமில் ரீலாகப் போட்டார்கள். அது வரை அந்தப் பக்கத்தை யாரும் சீண்டியதில்லை, இந்த ரீல் மட்டும் எங்கேயோ போய்விட்டது. கல்லாவில் ஒரு மாற்றமும் இல்லை. இன்சைட்ஸில் ஊர்வாரியாகப் பார்த்தால் திருவனந்தபுரம், சென்னை, துபாய் என்றுதான் வருகிறது.

கையேட்டில் இரண்டு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: கன்டென்ட் மார்க்கெட்டிங், பிராண்ட் ஸ்டோரிடெல்லிங். கடைக்காரர்கள் வாயில் புழங்குகிற மாதிரி தமிழில் என்ன சொல்லலாம்?

சென்னையிலிருந்து

நண்பரே, இதில் குழப்பமே இல்லை. உள்ளடக்கச் சந்தைப்படுத்தல், வணிகமுத்திரைக் கதையாடல். இரண்டும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை. நுட்பமும் புதிதல்ல. 1900இலேயே மிஷெலின் டயர் கம்பெனி உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்துக் கையேடு போட்டு டயர் விற்றது. கதை சொன்னால் பொருள் விற்கும், அவ்வளவுதான்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

ஐயா, மிஷெலின் உதாரணம் சரியானது, ஆனால் அதில் நட்சத்திரம் 1926இல்தான் வந்தது. 1900இல் வந்த புத்தகம் கார்க்காரர்களுக்கு டயர் மாற்றுவது எப்படி, பெட்ரோல் எங்கே கிடைக்கும், ராத்திரி எங்கே தங்கலாம் என்று சொன்னது. அதில் கதையே இல்லை. அமெரிக்காவில் ஜான் டியர் 1895இல் விவசாயிகளுக்காகத் தொடங்கிய பத்திரிகையும் இதே வகைதான். வாங்குகிறவனுக்கு வேண்டிய தகவலைக் கொடுத்துக்கொண்டே இருப்பது கன்டென்ட் மார்க்கெட்டிங். நாம் யார், எப்படி வந்தோம் என்று சொல்வது ஸ்டோரிடெல்லிங். நான் கொச்சியில் இந்த வேலையில்தான் இருக்கிறேன். சின்னக் கடைகள் இரண்டையும் ஒன்றாக்கி, இரண்டாவதற்கு மட்டும் காசு கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்த ரீல் விற்காததற்கும் இதுதான் காரணம். ரீலை இன்ஸ்டாகிராம் உங்களைத் தொடராதவர்களுக்கும் தள்ளும். பழம் ஊறுவது எந்த ஊர்க்காரனுக்கும் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் துபாய்க்காரன் பப்ஸ் வாங்கக் களியக்காவிளைக்கு வரப்போவதில்லை. நடந்தோ பைக்கிலோ வந்து வாங்குகிற தூரத்தில் இருப்பவருக்கு மட்டும் பயன்படுகிற செய்தி ஒன்று உண்டு: பன் எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறங்குகிறது. அது வெளியூர்க்காரனுக்குச் சப்பென்று இருக்கும். இருக்கட்டும்.

கணக்காகவும் பாருங்கள். ஒரு பன் 10 ரூபாய், மாவு, கூலி, விறகு போகக் கையில் நிற்பது 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரீல் எடுப்பவருக்கு 1,500 கொடுத்தால், அந்த ரீலால் மட்டும் 500 பன் கூடுதலாக விற்க வேண்டும், அப்போதுதான் போட்ட காசு திரும்பும். ஒரே அடுப்பில் அது எளிதல்ல. ராத்திரி மிஞ்சுகிற பன்னில் போவது 3 ரூபாய் அல்ல, போட்ட 7 ரூபாய். தினம் 20 மிஞ்சினால் 140. சாயங்காலம் போடுகிற ஒரு வாட்ஸாப் ஸ்டேட்டஸ் அதைப் பாதியாக்கினாலே மாதம் 2,100 மிச்சம், செலவும் இல்லை. பேக்கரிக்கு லைக்கை எண்ணாதீர்கள், மிச்சத் தட்டை எண்ணுங்கள்.

எண்ணுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஞாயிறு கோயில் விட்ட கூட்டத்தை ஸ்டேட்டஸ் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ஒரு வாரம் போட்டு, அடுத்த வாரம் போடாமல், செவ்வாயைச் செவ்வாயோடு ஒப்பிட வேண்டும். மழை, பண்டிகை வந்த நாளை விட்டுவிடுங்கள்.

புளியரையிலிருந்து

அண்ணாச்சி, நான் இங்கே தேங்காய் பன் போடுதேன். என்ன போன் வாங்கலாம்னு யாரும் சொல்லலியே? இன்னொண்ணு, ஆரியங்காவு பக்கத்துல இருந்து வாரவங்க நிறைய. நான் மலையாளத்துல எழுதிப் போட்டேன், நம்ம ஆளுங்க ‘கடையை வித்துட்டியா’ன்னு கேக்காங்க.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

இருக்கிற போனே போதும், அடுப்பு வெளிச்சம் பன்னுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி எடுக்காதீர்கள். எழுத்தைக் குறைத்துப் பேசிப் போடுங்கள். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கமும் அப்படித்தான், மலையாளம் வாசிக்கத் தெரியாத தமிழரும் தமிழ் வாசிக்கத் தெரியாத மலையாளியும் பேச்சைக் கேட்டால் புரிந்துகொள்வார்கள். விலையும் நேரமும் எண்ணில் இருந்தால் போதும்.

களியக்காவிளையிலிருந்து

அக்கா சொன்ன பிரிவினையை வைத்துப் பார்த்தால் முதலாவதற்கு ‘பயன்பதிவு’ பொருந்துமா? ‘இன்று பயன்பதிவு போட்டாச்சா’ என்று கடையில் கேட்கலாம். இரண்டாவதற்குக் ‘கடைக்கதை’ என்று யோசித்தேன். தங்கச்சி கேட்டுவிட்டு, ‘கதை விடுறோம்னு நாமளே சொல்லிக்கவா’ என்றாள்.

சென்னையிலிருந்து

பயன்பதிவு நன்று. சந்தைப்படுத்தல் என்ற வால் இல்லாதது எனக்குக் குறைதான், ஆனாலும் ஏற்கிறேன். இரண்டாவதற்கு ஒரு பழஞ்சொல் இருக்கிறது: மெய்க்கீர்த்தி. முதலாம் ராசராசன் காலத்திலிருந்து சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அரசன் பெருமையைச் சொல்லும் பகுதி. கடைக்கு ‘கடைக்கீர்த்தி’ எனலாம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

சொல் அழகுதான். ஆனால் மெய்க்கீர்த்தியில் அரசன் தோற்ற போர் வராதே. பேக்கரிக் கதையில் இன்று நடக்கிற தவறும் இதுவேதான்: ரெடிமேட் பிரீமிக்ஸில் கேக் செய்துவிட்டுப் ‘பாட்டி கைப்பக்குவம், பாரம்பரியம்’ என்று போடுவது. உணவு விளம்பரங்களுக்கான 2018 ஒழுங்குமுறையில் ‘டிரெடிஷனல்’, ‘ஃபிரெஷ்’, ‘நேச்சுரல்’ போன்ற சொற்களுக்கு நிபந்தனை இருக்கிறது. பாரம்பரியம் என்றால் அந்தச் செய்முறை தலைமுறைகளாக மாறாமல் வந்திருக்க வேண்டும். தலச்சேரியில் பேக்கரிக்காரர் மம்பள்ளி பாபு 1883இல் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி மர்டாக் பிரவுனுக்காகக் கிறிஸ்துமஸ் கேக் செய்த கதை அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். அதை எல்லோரும் எடுத்துப் போட முடியாது. உங்கள் தங்கச்சி கடைக்கு என்ன உண்மை இருக்கிறதோ அதைச் சொல்லட்டும், மாஸ்டர் எத்தனை மணிக்கு மாவு பிசைய எழுகிறார் என்பதே போதும்.

என் வாக்கு ‘கடைக்கதை’க்கு. தங்கச்சி சொன்னதையும் கையேட்டிலேயே எழுதிவிடுங்கள்.

சென்னையிலிருந்து

‘கடை’ என்றால் இறுதி என்றும் பொருள். கடைக்கதை என்றால் கடைசிக் கதை போல ஒலிக்கிறது. நான் கீர்த்தியை விடுவதாக இல்லை.

களியக்காவிளையிலிருந்து

இரண்டையும் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்துவிடுகிறேன். பயன்பதிவு உறுதி.

புளியரையிலிருந்து

அக்கா, நேத்து மூணரைக்கு ‘பன் எறங்கிட்டு’ன்னு ஸ்டேட்டஸ் போட்டேன். பாத்தது பூராவும் என் சொந்தக்காரங்கதான். வாடிக்கையாளர் ஒருத்தரைக் காணோம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அவர்கள் நம்பரை நீங்களும், உங்கள் நம்பரை அவர்களும் சேமித்திருந்தால்தான் ஸ்டேட்டஸ் அவர்களுக்குத் தெரியும். பிராட்காஸ்ட் லிஸ்டிலும் உங்கள் நம்பரைச் சேமிக்காதவருக்குச் செய்தி போகாது. கல்லாப் பக்கம் நம்பரைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பன் கட்டிக் கொடுக்கிற நேரத்தில் ‘சேவ் பண்ணிட்டு ஒரு ஹாய் போடுங்க, சூடா இறங்கினதும் சொல்றேன்’ என்று கேளுங்கள், ஹாய் வந்ததும் நீங்களும் சேமித்துவிடுங்கள். அதற்குப் பிறகு தட்டை எண்ணலாம்.