காலையில் சேர்ந்து மதியம் வீடு திரும்பினால் க்ளெய்ம் கிடைக்குமா?

காலைநடை:
அம்மாவுக்கு வலது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை. காலையில் சேர்த்தோம், மதியமே அனுப்பிவிட்டார்கள். பில் 62,000 ரூபாய். பாலிசி ஆரோக்கிய சஞ்சீவனி, காப்பீட்டுத் தொகை 3 லட்சம், எடுத்து நான்கு வருடமாகிறது. 24 மணி நேரம் உள்நோயாளியாக இல்லை என்று க்ளெய்மை நிராகரித்துவிட்டார்கள். இதைச் சந்தித்தவர்கள் சொல்லுங்கள்.

தாழ்வாரம்:
24 மணி நேரம் கட்டாயம். என் மாமனாரை ஓர் இரவு தங்க வைத்த பிறகுதான் பணம் வந்தது. நீங்களும் மருத்துவரிடம் கேட்டிருக்கலாம்.

பழையகோப்பு:
க்ளெய்ம் பிரிவில் நெடுநாள் இருந்தவன் நான். 24 மணி நேரம் பொது விதி. டே கேர் சிகிச்சை அதற்கு விலக்கு. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சை, முன்பு ஒரு நாளுக்கு மேல் படுக்க வேண்டியிருந்தது, இப்போது தொழில்நுட்பத்தால் சீக்கிரம் முடிகிறது என்றால் அதுவே டே கேர். முன்பு பெரிதாகக் கீறித் தையல் போட்டார்கள். இன்று இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளை வழியாகப் புரையை உடைத்து உறிஞ்சிவிடுகிறார்கள். சொட்டு மருந்தால் மரக்கச் செய்தாலும் அது மயக்க மருந்துதான். தேவையில்லாமல் இரவு தங்க வைப்பதை நான் ஏற்கமாட்டேன். மருத்துவக் காரணம் இல்லை என்று அந்தச் செலவையே கழிப்பார்கள்.

உங்கள் பாலிசியில் கண்புரைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது ஒரு கண்ணுக்கு 40,000, எது குறைவோ அது. 25 சதவீதம் 75,000 ஆகிறது, எனவே 40,000. அதில் உங்கள் பங்கு 5 சதவீதம் போக 38,000 வர வேண்டும். இரண்டு வருடக் காத்திருப்பும் தாண்டிவிட்டது. மருத்துவமனை என்ன காகிதம் கொடுத்தது?

மல்லிகைப்பந்தல்:
எனக்கும் கண்புரைதான். ஒரு நாளுக்கு இவ்வளவு ரூபாய் என்று தரும் பாலிசி. ஒரு பைசாகூடத் தரவில்லை. அப்படியானால் அதுவும் அநியாயம்தானே?

பழையகோப்பு:
அது வேறு அம்மா. அவை பெரும்பாலும் முழுதாகக் கழிந்த 24 மணி நேரத்துக்குத்தான் பணம் தரும். டே கேர் என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

காலைநடை:
டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை. புறநோயாளி ரசீதும், லென்ஸின் பவரும் வரிசை எண்ணும் உள்ள ஸ்டிக்கர் ஒட்டிய ஓர் அட்டையும் இருக்கின்றன.

பழையகோப்பு:
சிக்கல் அங்கேதான். புறநோயாளி என்று பதிவானதைக் காப்பீடு டே கேராக எடுக்காது. சேர்த்த நேரம், அனுப்பிய நேரம், மயக்க மருந்து, அறுவைக் குறிப்பு எல்லாம் கொண்ட டிஸ்சார்ஜ் சம்மரியை மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். அதோடு லென்ஸ் ஸ்டிக்கரின் நகலையும் இணைத்து, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தியில்லையென்றால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

தாழ்வாரம்:
என் அண்ணனுக்கு விழித்திரையில் போடும் ஊசியைப் புறநோயாளி சிகிச்சை என்று தள்ளிவிட்டார்களே, அதுவும் டே கேரா?

பழையகோப்பு:
ஆபரேஷன் தியேட்டரில்தான் போடுகிறார்கள், ஆனாலும் நிறுவனங்கள் வாதாடுகின்றன. சில பாலிசிகளில் தனி உச்சவரம்போடு எழுதியே இருக்கும். அவருடைய பாலிசியின் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.