[கலைச்சொல்] கேள்வியின் வாலில் நிற்கும் "விளக்குக", "ஒப்பிடுக": பொதுப் பெயர் என்ன?

தேன்மொழி:
வணக்கம். இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ வேதியியல் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். கேள்வியில் வரும் எக்ஸ்பிளெய்ன், கம்பேர் போன்றவற்றை அங்கே கமாண்ட் வேர்ட் என்கிறார்கள். ஏக்யூஏ தேர்வு வாரியம் ஒவ்வொன்றுக்கும் பொருளே எழுதி வைத்திருக்கிறது. கம்பேர் என்றால் ஒற்றுமையோ வேற்றுமையோ சொல்ல வேண்டும், ஒன்றைப் பற்றி மட்டும் எழுதினால் போதாது. எக்ஸ்பிளெய்ன் என்றால் காரணம் வேண்டும். இப்போதைக்குக் "கட்டளைச்சொல்" என்று போட்டிருக்கிறேன், மனசு ஒப்பவில்லை.

கணேஷ்:
டெர்மினலில் அடிக்கும் `ls`, `cd` எல்லாவற்றுக்கும் கட்டளை என்று எப்போதோ முடிவு செய்துவிட்டோமே. மறுபடி எதற்கு இந்த இழை?

தேன்மொழி:
இது கணினி இல்லை கணேஷ், வேதியியல் வினாத்தாள். ஆனால் உங்களுக்கே குழப்பம் வந்ததென்றால் அந்தச் சொல் சரியில்லை என்றுதான் அர்த்தம். :)

ரேவதி:
சொல் எதுவானாலும் சரி, என் மகள் கதையைக் கேளுங்கள். பயிற்சித் தாளில் ஒரு கேள்வி: கார்பன் டை ஆக்சைடு அறை வெப்பநிலையில் வாயு, சிலிக்கா திண்மம், அமைப்பையும் பிணைப்பையும் ஒப்பிட்டு விளக்குக. அவள் எழுதியது: "சிலிக்காவில் ராட்சத அமைப்பு. அதன் சகப்பிணைப்புகள் மிக வலிமையானவை. கார்பன் டை ஆக்சைடில் சகப்பிணைப்புகள் வலிமை குறைந்தவை, அதனால் எளிதில் உடைந்து வாயுவாகிறது." 4க்கு 1. இரண்டையும் ஒப்பிட்டிருக்கிறாள், "அதனால்" போட்டிருக்கிறாள், அப்புறம் என்ன குறை? டியூஷன் சாரைக் கேட்டால் "இன்னும் விரிவாக எழுதணும்" என்கிறார்.

சிவபாலன் (யாழ்ப்பாணம்):
விரிவு போதாமல் போகவில்லை தங்கச்சி. ஒப்பிட்ட பொருள்தான் பிழை. கார்பன் டை ஆக்சைடில் உள்ள C=O பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறக்குறைய 800 கிலோஜூல் வேண்டும். சிலிக்காவின் Si–O பிணைப்புக்கு அதில் பாதியை விடக் கொஞ்சம்தான் கூட. பிள்ளை எழுதியதற்கு நேர் எதிர்! கார்பன் டை ஆக்சைடு வாயுவாகும்போது அந்தப் பிணைப்பு உடைவதே இல்லை. மூலக்கூறு முழுசாகத்தான் விலகிப் போகிறது. உலர் பனிக்கட்டியிலிருந்து வெளிவருவதும் CO₂தான், கார்பனும் ஆக்சிஜனும் இல்லை.

நான் வகுப்பில் முதலில் கேட்பது ஒன்றுதான்: "உருகும்போதோ ஆவியாகும்போதோ எது விடுபடுகிறது?" இதற்கு விடை தெரிந்தால் மீதி தானாக வரும். இப்படி எழுதலாம்:

"இரண்டிலும் அணுக்களைச் சேர்த்து வைப்பது வலிமையான சகப்பிணைப்புதான். ஆனால் கார்பன் டை ஆக்சைடு சிறு மூலக்கூறுகளால் ஆனது. மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள விசை வலிமை குறைந்தது. அதை மீறக் குறைந்த ஆற்றலே போதும். எனவே அறை வெப்பநிலையிலேயே அது வாயு. சிலிக்காவில் தனி மூலக்கூறு கிடையாது, பிணைப்பு எல்லாத் திசையிலும் தொடர்ந்து போகிறது. அதை உருக்கச் சகப்பிணைப்புகளையே பெருமளவில் உடைக்க வேண்டும்; அதற்கு மிகுந்த ஆற்றல் தேவை; எனவே அறை வெப்பநிலையில் திண்மம்."

அமைப்பு, விடுபடும் விசை, ஆற்றல், நிலை. நடுவில் ஒரு கண்ணி விட்டால் அறுந்துவிடும். பல பிள்ளைகள் "ராட்சத அமைப்பு, எனவே திண்மம்" என்று தாவிவிடுவார்கள். நான் அந்த "எனவே"யைச் சுழித்துப் பக்கத்தில் "எப்படி?" என்று எழுதிவிடுவேன்.

சொல்லுக்கு வருகிறேன். "பணிப்புச்சொல்" எப்படி? பணிப்பாளர், பணிப்புரை எல்லாம் எங்கள் பக்கம் அன்றாடம் புழங்குபவை.

ரேவதி:
ஐயா, நன்றி. அந்த 1 மார்க் "ராட்சத அமைப்பு"க்கு வந்தது என்று இப்போது புரிகிறது. ஆனால் பணிப்புச்சொல் என்றால் எனக்கு விமானப் பணிப்பெண்தான் ஞாபகம் வருகிறார்.

இளங்கோ:
"ஏவற்சொல்" என்று யாராவது சொல்லும் முன் ஒரு குறிப்பு. விளக்குக, ஒப்பிடுக எல்லாம் வியங்கோள். "விவரி" என்பதுதான் ஏவல். நம் வினாத்தாள்களில் இரண்டும் கலந்து வரும், எனவே இலக்கணப் பெயர் எதுவும் பொருந்தாது. "வினாப்பணி" என்று வைத்தால் என்ன? சொல்லை விட்டு, அது கேட்கும் வேலையைச் சுட்டும்.

தேன்மொழி:
வினாப்பணி என்றால் வினாத்தாள் தயாரிக்கும் வேலை மாதிரி இருக்கிறதே இளங்கோ. கையேட்டில் இப்போதைக்குப் பணிப்புச்சொல் என்று மாற்றுகிறேன், ரேவதி மன்னிக்கணும். சிவபாலன் ஐயா சொன்ன அந்தக் "கண்ணி"களுக்கும் ஒரு பெயர் வேண்டும். "காரணச் சங்கிலி" என்று எழுதியிருந்தேன், ஆனால் அடுத்த பாடத்திலேயே கார்பன் சங்கிலி வருகிறது.

சிவபாலன்:
காரணத்தொடர்?

கணேஷ்:
தொடர் என்றால் டிவி சீரியல்.