ஸ்லைடில் துண்டு வரியா, முழு வாக்கியமா?

திருமங்கலம்_மல்லி: மல்லிகை விவசாயிகளுக்கான கூட்டம். ஆங்கில ஸ்லைடைத் தமிழாக்கினேன். இப்படியே விடலாமா? முழு வாக்கியம் எழுதினால் ஸ்லைடு நிரம்பிவிடுகிறது.

• கவாத்து செய்தல் – நவம்பர் கடைசி வாரம்
• உயரம் – 50 செ.மீ.
• காய்ந்த, நோயுற்ற கிளைகள் அகற்றம்
• உரம் – கவாத்துக்குப் பின், ஜூன்-ஜூலை

கோரிப்பாளையம்: அப்படியே விடுங்கள். ஸ்லைடு என்பது ஒரு பார்வை பார்க்கத்தான், மற்றதை வாயால் சொல்லிக்கொள்ளலாம். முழு வாக்கியமாக்கினால் ‘நவம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில் கவாத்து செய்யும் பணி மேற்கொள்ளப்பட வேண்டும்’ என்று நீளும். பின்வரிசைக்காரர் எப்படிப் படிப்பார்?

மேலூர்_அக்கா: தம்பி, நீங்கள் எழுதிக் காட்டியது நீளம்தான். ஆனால் நீட்டியது வாக்கியம் இல்லை, ‘பணி மேற்கொள்ளப்பட’ என்ற ஒட்டு. அதை எடுத்துவிட்டு, எதிரே இருப்பவரிடம் சொல்வதுபோல வினையை வைத்துப் பாருங்கள்:

• நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டுச் செடியை வெட்டுங்கள்.
• காய்ந்த, நோய் பிடித்த கிளைகளை எடுத்துவிடுங்கள்.
• கவாத்து முடிந்ததும் ஒரு முறை, ஜூன்-ஜூலையில் ஒரு முறை உரம் போடுங்கள்.

நான்கு வரி மூன்றாகிவிட்டது. அதைவிட முக்கியம், ‘உயரம் – 50 செ.மீ.’ என்றால் வெட்டி எடுக்கும் அளவா, செடியில் விடும் அளவா? ஒரு கோடு அதைச் சொல்லாது. ‘விட்டு’ சொல்லிவிடுகிறது.

உசிலை_ராசா: எனக்கும் இதே சிக்கல்! பழைய பாமினி எழுத்தில் செய்த ஸ்லைடு அடுத்த கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாக வருகிறது.

மேலூர்_அக்கா: அது எழுத்துருச் சிக்கல், ராசா. யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கோரிப்பாளையம்: 50 செ.மீ. விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உர அளவையும் வாக்கியமாக்குவீர்களா அக்கா?

மேலூர்_அக்கா: மாட்டேன். செடிக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120, சாம்பல் சத்து 120. அது அட்டவணையாகவே இருக்கட்டும். ‘தழைச்சத்து 60 கிராம்’ என்பதற்குத் தமிழில் வினையே வேண்டாம், அதுவே முழுசு. ‘ஆகும்’ சேர்ப்பதுதான் வீண். யார், எப்போது, எதை என்ற உறவு தொலைகிற இடத்தில் மட்டும் வினை போடுங்கள்.

திருமங்கலம்_மல்லி: அப்போ ‘செய்து, எடுத்து, போட்டு’ என்று கோத்து எல்லாவற்றையும் ஒரே வாக்கியமாக்கலாமா?

மேலூர்_அக்கா: இரண்டு வினை போதும். மூன்றாவது வந்தாலே கடைசி வினைக்குப் போவதற்குள் முதல் வினை மறந்துவிடும். செய்பவரும் ஒருவராக இருக்க வேண்டும். ‘கவாத்து செய்து புதுத் துளிர் வரும்’ என்றால் துளிரே கவாத்து செய்ததாகிவிடும். அங்கே ‘செய்தால்’ போடுங்கள். ஏன் 50 செ.மீ. என்ற விளக்கமெல்லாம் பேச்சுக் குறிப்புக்குப் போகட்டும்.

கோரிப்பாளையம்: சரி. ஆனால் ‘மதுரை மல்லி – புவிசார் குறியீடு – 2013’ என்பதில் யார் குழம்புவார்? அதற்கும் ‘கிடைத்தது’ தேவையா?

மேலூர்_அக்கா: குழம்ப மாட்டார்கள்தான். ஆனாலும் ‘மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது’ என்று போட்டால், ஸ்லைடை வாய்விட்டு வாசிப்பவர் தடுக்காமல் போவார். எனக்கு அது வேண்டும்.

கோரிப்பாளையம்: நான் கோட்டோடுதான் போடுவேன் அக்கா. அந்த வரியை யாரும் வாசிக்கப் போவதில்லை, பார்க்கத்தான் போகிறார்கள்.