மேட்ரிக்ஸ் செயின் டேபிள்: பிராக்கெட் சரி, செலவு மட்டும் தப்பா வருது

கவிநிலா: நாளைக்கு எக்ஸாம். மேட்ரிக்ஸ் செயின் கணக்கு கையால டேபிள் போட்டேன், பிராக்கெட் (A1A2)(A3A4) கரெக்டா வருது ஆனா செலவு 480, ஆன்சர் கீல 405 இருக்கு. எங்க தப்பு?? சீக்கிரம் ப்ளீஸ்

முரளி: சைஸே சொல்லலையேம்மா

தென்றல்: டேபிளையும் போடுங்க, கடைசி கட்டம் மட்டும் வச்சு எப்படி சொல்றது

கவிநிலா: சாரி. p = 5, 10, 3, 12, 5. ரெண்டு ரெண்டா 150, 360, 180. அப்புறம் m[1,3]=510, m[2,4]=225

ஜெகன்: டேபிளே வேணாம். உள்ள இருக்கற பெரிய நம்பரை முதல்ல காலி பண்ணு. 12 போனா 180, 10 போனா 150, மிச்சம் 5×3×5=75. மொத்தம் 405, முடிஞ்சது

அல்கோ அண்ணன்: ஜெகன், இதைத்தான் வருஷா வருஷம் யாராவது வந்து சொல்றீங்க. 1, 2, 3, 2 போட்டுப் பாருங்க. 3-ஐ முதல்ல எடுத்தா 12+4=16, 2-ஐ எடுத்தா 6+6=12. அடிப்படையைப் படிச்சுட்டு வாங்க

ஜெகன்: இந்தக் கணக்குல சரியா வருதா இல்லையா அதைச் சொல்லுங்க

தென்றல்: கவிநிலா, 225-ஐ பாருங்க. A2(A3A4) போட்டா 180 + 10×3×5 = 330, (A2A3)A4 போட்டா 360 + 10×12×5 = 960. இருக்கறதே ரெண்டு வழி, ரெண்டையும் விட கம்மியா வர வழியே இல்ல. நீங்க 10-க்கு பதிலா 3 எடுத்திருக்கீங்க, அதாவது p[i-1] வர்ற இடத்துல p[i]. ரெண்டு மேட்ரிக்ஸ் கட்டத்தை சைஸ் பார்த்து நேரா பெருக்கினதால அது தப்பாகல. m[1,3]-லயும் இதேதான், 150 + 5×3×12 = 330 வரணும். கடைசி கட்டம் k=2-ல 150+180+5×3×5 = 405, நீங்க 5-க்கு பதிலா 10 போட்டதால 480. k=1 வச்சா 580, k=3 வச்சா 630, அதனாலதான் பிராக்கெட் மாறல.

சுபா: எனக்கு பைத்தான்ல இண்டெக்ஸ் எரர் வருது, range(1, n) தான் குடுத்திருக்கேன், இதே பிரச்சனையா?

முரளி: இங்க கைல போடற கணக்கு சுபா, தனியா போடுங்க. கவிநிலா, 4 மேட்ரிக்ஸ்னா மொத்தம் 5 பிராக்கெட் தான், பேசாம அஞ்சையும் எழுதிடலாம்

அல்கோ அண்ணன்: 6 மேட்ரிக்ஸ் குடுத்தா 42. எழுதிட்டு இருங்க

ஜெகன்: அண்ணே ஆன்சர் வந்தா மார்க் போடுவாங்கல்ல

முரளி: எங்க காலேஜ்ல டேபிள் இல்லன்னா ஆன்சருக்கு 2 மார்க் தான்

தென்றல்: எங்களுக்கு k டேபிள் தனியா கேட்டாங்க, செலவு தப்பா இருந்தும் பாதி மார்க் வந்துச்சு. ஆள் ஆளுக்கு மாறுது

கவிநிலா: 405 வந்துடுச்சு, தேங்க்ஸ் தென்றல் அக்கா 🙏

ஜெகன்: 3 மேட்ரிக்ஸ்ல தப்பாகுது சரி, சின்ன நம்பர் நடுவுல இருந்தா என் வழி எப்பவும் வேலை செய்யுமா? யாராவது சொல்லுங்க