ஆங்கிலத்தின் இரண்டு 'டிஎச்' ஒலிகளுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

கயல்விழி, தாராவி:
மாலை வகுப்பில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பெரும்பாலோர் திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். 'மதர்' நன்றாகவே வருகிறது. 'திஸ்', 'திங்க்' இரண்டிலும் நாக்கு பல்லில் ஒட்டி மூச்சை அடைத்துவிடுகிறது. 'பல்லிடை உரசொலி' என்று எழுதிப் போட்டால் யாருக்கும் விளங்கவில்லை. வகுப்பில் புழங்கும்படியான ஒரு சொல் வேண்டும்.

சந்தானம், மாட்டுங்கா:
புதுச்சொல் எதற்கம்மா? மும்பையில் எல்லாருக்கும் இந்தி தெரியும். இந்தித் தகர வரிசையில் இரண்டாவது எழுத்து 'திங்க்'குக்கு, மூன்றாவது 'திஸ்'ஸுக்கு. அவ்வளவுதான்.

நடராசன், செம்பூர்:
ஐயா, நாக்கு படும் இடம் நீங்கள் சொன்னதுதான். ஆனால் இந்தி ஒலிகளும் மூச்சை அடைத்துத் திறப்பவை. ஆங்கில ஒலியில் அடைப்பே இல்லை. மூன்று விநாடி இழுத்துப் பாருங்கள். இழுக்க வந்தால் அது ஆங்கில ஒலி.

கயல்விழி, உங்கள் மாணவியரிடம் ஓர் ஒலி ஏற்கெனவே இருக்கிறது. 'அது', 'காது' என்னும்போது இரண்டு உயிருக்கு நடுவே வரும் தகரம் பெரும்பாலும் முழுதாக அடைப்பதில்லை. 'மதர்' எளிதாக வருவது அதனால்தான். 'தலை', 'பத்து' இரண்டிலும் அடைக்கிறது. எனவே 'அது'விலிருந்து தொடங்குங்கள். நடுவில் வரும் தகரத்தை இழுக்கட்டும். தொண்டையில் கை வைத்தால் அதிர்வு தெரியும். பிறகு அகரத்தை மனதுக்குள் மட்டும் சொல்லிவிட்டு 'திஸ்', 'தென்' என்று சொல்லட்டும்.

அது நிலைத்த பின், அதே 'அது'வைக் கிசுகிசுக்கச் சொல்லுங்கள். அதிர்வு நின்று காற்று மட்டும் வரும். அதுதான் 'திங்க்'கின் ஒலி. முதலில் 'பாத்' போலச் சொல்லின் கடைசியில் பழகட்டும், பிறகு சொல்லின் தொடக்கத்தில். 'த்ரீ' எல்லாவற்றுக்கும் பின்னால். 'திங்க்' 'சிங்க்' ஆனால் நாக்கு உள்ளே போய்விட்டது என்று பொருள். கைக்கண்ணாடியில் நுனி தெரிய வேண்டும்.

பெயருக்குத் தொல்காப்பியப் பிறப்பியல் உதவும். தகரம் பிறக்க நாநுனி பரந்து பல்லடியில் ஒற்ற வேண்டும் என்கிறது. இது ஒற்றாமல் பிறப்பதால் 'ஒற்றாத் தகரம்' எனலாம்.

மும்தாஜ், கல்யாண்:
என் மகன் 'தாமஸ்' என்று படித்ததற்கு ஆசிரியர் 'டாமஸ்' என்று திருத்தினார். அது எந்த வகை?

நடராசன்:
இரண்டிலும் சேராது, அக்கா. எழுத்தில் மட்டுமே அது 'டிஎச்'. ஒலி வெறும் 'டி'தான். ஆங்கிலத்தில் 'தாய்லாந்'தும் அப்படியே. இவற்றைத் தனியாக மனப்பாடம் செய்வதே வழி.

கயல்விழி:
இன்று கிசுகிசுத்துப் பார்த்தோம், வந்துவிட்டது! 'தேங்க்ஸ்' மட்டும் பழக்கத்தில் மறுபடி அடைபடுகிறது. ஆனால் 'ஒற்றாத் தகரம்' என்றதும், "ஒற்று என்றால் புள்ளி எழுத்துதானே, டீச்சர்?" என்று ஒருவர் கேட்டார். 'இழுதகரம்' என்று சொன்னால் என்ன? அதிரும் இழுதகரம், அதிரா இழுதகரம். பெயரிலேயே செய்முறை இருக்கிறது.

சந்தானம்:
'ஸ', 'ஃப' ஆகியவற்றையும் இழுக்கலாமே?

நடராசன்:
அவை தகரம் அல்லவே, ஐயா. வகுப்புக்கு 'இழுதகரம்' போதும். அகராதியில் 'உரசொலி'யைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. 'ழ'வையும் 'ல'வையும்கூட உரசாமலே இழுக்க முடிகிறது.