‘ஃபர்ம் கெப்பாசிட்டி’க்குத் தமிழ்ச்சொல் தேவை

அனுப்புநர்: கவிதா, கிருஷ்ணகிரி

அனைவருக்கும் வணக்கம். துணை மின் நிலையங்களில் பணிமுறைப் பொறுப்பில் இருப்பவர்களுக்காக ஒரு கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மின்மாற்றி, மின்பாதை, மின்பளு என்று பல சொற்கள் ஏற்கெனவே வழக்கில் உள்ளன. ஒரு மின்மாற்றி பழுதானாலும் நிலையம் சுமக்கக்கூடிய அளவைக் குறிக்கும் ‘ஃபர்ம் கெப்பாசிட்டி’யிடம் வந்து நின்றுவிட்டேன். ‘உறுதித் திறன்’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் மின்சாரக் கொள்முதல் ஒப்பந்தங்களில் தடையின்றித் தருவதாக ஒப்புக்கொள்ளும் மின்சாரத்தையும் ‘உறுதி மின்சாரம்’ என்கிறார்கள். இரண்டும் குழம்பும். நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் இதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று தெரிந்தால் சொல் தானாக அமையும் என்று நினைக்கிறேன்.

அனுப்புநர்: சென்றாயன், தருமபுரி

அம்மா, நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். இது எளிய கணக்குதான். நிலையத்தில் இரண்டு மின்மாற்றிகள் உள்ளன. ஒன்று பழுதானால் மற்றொன்று எவ்வளவு தரும்? மொத்தத்தில் பாதி. அந்தப் பாதிதான் நீங்கள் கேட்பது. ஒன்று போனபின் எஞ்சி நிற்பதால் ‘எஞ்சு திறன்’ என்று வைத்துவிடலாம்.

அனுப்புநர்: மாதையன், கிருஷ்ணகிரி

சென்றாயன் ஐயா சொல்வது சரியான விடைக்கு அருகில் இருக்கிறது, ஆனால் பாதி என்பது எப்போதும் பொருந்தாது. ஒன்று 16 எம்.வி.ஏ., மற்றொன்று 10 எம்.வி.ஏ. என்றால் பெரியதை இழந்ததாகவே கணக்கிட வேண்டும். மிஞ்சுவது 10, பாதியான 13 அல்ல. ‘எஞ்சு திறன்’ என்பதிலும் சிக்கல் உண்டு. இன்னும் எவ்வளவு புதிய இணைப்பு தரலாம் என்று கேட்கும்போதும் ‘மிச்சம் எவ்வளவு’ என்றுதான் கேட்கிறோம். அது வேறு எண்.

மின் விநியோகப் பொறியாளனாக ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 33/11 கிலோவோல்ட் நிலையம், 8 எம்.வி.ஏ. மின்மாற்றி இரண்டு. நடுவில் இரு பக்கங்களையும் இணைக்கும் பஸ் கப்ளரைத் திறந்தே, அதாவது இணைக்காமலே, வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மின்மாற்றியும் தன் பக்கத்திலிருந்து ஊருக்குச் செல்லும் மின்பாதைகளான ஃபீடர்களை மட்டும் சுமக்கிறது. மாம்பழக்கூழ் ஆலைகள் ஓடும் ஜூன் மாதத்தில் உச்சப் பளு 11 எம்.வி.ஏ. என்று வைத்துக்கொள்வோம். 11 கிலோவோல்ட் பக்கத்தில் அது ஏறத்தாழ 577 ஆம்பியர். ஒரு மின்மாற்றியின் முழு அளவோ 420 ஆம்பியர்.

இப்போது ஒரு மின்மாற்றி டிரிப் ஆகிறது. பாதி ஊர் இருட்டு. பதற்றத்தில் கப்ளரை உடனே மூடினால் 577 ஆம்பியரும் ஒன்றின் தலையில் விழும். மிகைமின்னோட்ட ரிலே 120 விழுக்காட்டில், அதாவது 504 ஆம்பியரில் அமைக்கப்பட்டிருந்தால், சிறிது நேரத்தில் அதுவும் டிரிப் ஆகிவிடும். பாதி இருட்டு முழு இருட்டாகிவிடும். அதனால் இறந்த பக்கத்து ஃபீடர்களின் பிரேக்கர்களை முதலில் திறக்க வேண்டும். பிறகு கப்ளரை மூடி, ஆம்பியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு ஃபீடராகச் சேர்க்க வேண்டும்.

பக்கத்து நிலையத்தோடு இணைப்புள்ள ஒரு ஃபீடரை அங்கே மாற்றிவிட்டால் 1.5 எம்.வி.ஏ. இறங்கும். மீதி 9.5. ஏறத்தாழ 499 ஆம்பியர். இதுதான் ஆபத்தான இடம். 504-ஐத் தொடாததால் ரிலே அசையாது. ஆனால் மின்மாற்றி 19 விழுக்காடு மிகைப்பளுவில் ஓடுகிறது. சுருளில் ஏற்படும் வெப்ப இழப்பு மின்னோட்டத்தின் இருமடிப்படி ஏறுவதால் 41 விழுக்காடு கூடிவிடுகிறது. சாதாரணக் காகிதக் காப்பு உள்ள மின்மாற்றியில், சுருளின் மிகச் சூடான இடம் 98 டிகிரியைத் தாண்டியபின் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் காகிதம் மூப்படையும் வேகம் இருமடங்காகிறது. அன்று ஒன்றும் தெரியாது. சுருள் வெப்பமானியைப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். குளிர்ந்த இரவில் சில மணி நேரம் இதை அனுமதிக்கலாம்; நாள் முழுவதும் பளு ஏறி எண்ணெய் ஏற்கெனவே சூடாக இருக்கும் கோடை மாலையில் அனுமதிக்க மாட்டேன்.

ஆகவே இந்த நிலையத்துக்கு நீங்கள் கேட்கும் எண் 8. பக்கத்து நிலையம் ஏற்றுக்கொள்ளும் நேரத்தில் மட்டும் 9.5. இது இங்குள்ள 8-உம் அங்கே மாற்றிவிடும் 1.5-உம் சேர்ந்தது; மேலே சொன்னதுபோல ஒரே மின்மாற்றியில் ஏற்றும் 9.5 அல்ல.

அனுப்புநர்: முனிரத்தினம், காவேரிப்பட்டணம்

ஐயா, எனக்கு இந்தத் திறன் விஷயத்தில்தான் பெரிய தொல்லை. என் கிணற்று மோட்டாருக்கு 5 குதிரைத்திறன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாலையில் போட்டால் உறுமிக்கொண்டு நிற்கிறது, தண்ணீர் வருவதில்லை. அனுமதித்த திறன் முழுதாக வர வேண்டாமா? அதற்கு முதலில் ஒரு நல்ல தமிழ்ச்சொல் சொல்லுங்கள்.

அனுப்புநர்: மாதையன்

அண்ணா, அது அனுமதிக்கப்பட்ட மின்பளு. இங்கே பேசுவது நிலையத்தைப் பற்றி. உங்கள் தொல்லை பெரும்பாலும் உங்கள் ஊர் மின்மாற்றியிலோ அங்கிருந்து வரும் தாழ்வழுத்தக் கம்பியின் நீளத்திலோ இருக்கும். மோட்டார் ஓடும் நேரத்தில் மூன்று ஃபேஸ்களுக்கு இடையிலும் எத்தனை வோல்ட் என்று மின்பணியாளரை வைத்து அளந்து, அந்த எண்களோடு பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அதுவரை உறுமும் மோட்டாரை ஓடவிடாதீர்கள், காயில் கருகிவிடும்.

அனுப்புநர்: கவிதா

> பக்கத்து நிலையம் ஏற்றுக்கொள்ளும் நேரத்தில் மட்டும் 9.5

இதைப் படித்தபின் ‘உறுதி’ எனக்கு இன்னும் உறுத்துகிறது. பருவத்துக்குப் பருவம் மாறும் எண்ணை உறுதி என்பதா? ஒன்று போனாலும் நம்மைக் கைவிடாத அளவு என்பதால் ‘கைவிடாத் திறன்’ என்று எழுதலாமா?

அனுப்புநர்: சென்றாயன்

பெரிய மின்மாற்றியைக் கழிக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் சொல்லில் ஒரு மறுப்பு. பள்ளிப் பாடநூலில் வாட்டில் அளப்பதுதான் ‘திறன்’. இங்கே கேட்பது எவ்வளவு சுமக்கும் என்பது. ‘கொள்திறன்’ என்பதே சரி. ‘உறுதிக் கொள்திறன்’ என்றால் இலக்கணமும் பொருளும் நிற்கும். ‘கைவிடாத்’ என்பது கவிதைக்கு ஆகும், கையேட்டுக்கு ஆகாது.

அனுப்புநர்: மாதையன்

கொள்திறன் என்பதை ஏற்கிறேன். முன்னொட்டில் என் வாக்கு கவிதா அம்மாவின் ‘கைவிடா’வுக்குத்தான். பணிமுறையில் இருப்பவர் நள்ளிரவில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று புரிய வேண்டும். ‘உறுதி’ என்று எழுதியிருந்தால் 9.5 வரை உறுதி என்று நினைத்துவிடுவார்.

பராமரிப்புத் திட்டத்திலும் இந்தச் சொல்லே தேவைப்படும். அதே நிலையத்தில் ஜனவரியில் உச்சப் பளு 7.5-தான் என்றால் அது 8-க்குள் அடங்குகிறது. அப்போது ஒரு மின்மாற்றியை முழுதாக வெளியே எடுத்து எண்ணெய்ச் சோதனை, டேப் மாற்றி, புஷிங் துடைப்பு, சிலிக்கா ஜெல் எல்லாவற்றையும் முடிக்கலாம். மின்பளுவை மற்றதற்கு மாற்றும் சிறிது நேரம் தவிர ஊருக்கு மின்தடை தேவையில்லை. ஜூனில் அதே வேலைக்கு ஃபீடர்களை நிறுத்தியாக வேண்டும். ஆனால் பஸ்பார், ஐசொலேட்டர் வேலை என்றால் எந்த மாதமானாலும் அந்தப் பகுதியை நிறுத்தி, நிலத்தொடுப்புக் கொடுத்து, லைன் கிளியர் என்னும் பணி அனுமதி வாங்கிய பிறகே கை வைக்க முடியும். அங்கே இந்த எண் உதவாது. கையேட்டில் இந்த வேறுபாட்டை ஒரு பத்தியாவது எழுதுங்கள்.

ஒரு வேண்டுகோள். எண்ணை ஒற்றையாக எழுதாமல், 8 என்று ஒரு கட்டத்திலும், மாற்றிவிடக்கூடியது 1.5 என்று இன்னொரு கட்டத்திலும் போடுங்கள். இரண்டாவது எண்ணை மாம்பழப் பருவத்துக்கு முன்பு பக்கத்து நிலையத்தாரிடம் கேட்டுத் திருத்த வேண்டும். அவர்கள் பகுதியிலும் கூழ் ஆலை உண்டு.

அனுப்புநர்: கவிதா

இரண்டு கட்டமாகவே போடுகிறேன். ‘கொள்திறன்’ முடிவு. ‘உறுதி’யா ‘கைவிடா’வா என்பதற்கு இன்னும் சிலர் எழுதட்டும். அந்த 1.5-க்கு ‘மாற்றேற்பு’ என்று எழுதியிருக்கிறேன். ஒத்துவருமா என்று சொல்லுங்கள்.