ரிலே ஆன் ஆனா சிப் ரீசெட் ஆகுது, உதவுங்க

வணக்கம், ATmega328P போர்டுல ரிலே ஆன் ஆகுறப்போ பத்துல ஒரு தடவை தானா ரீசெட் ஆகுது, ரெண்டு நாளா புரோகிராமைத்தான் திட்டிட்டு இருந்தேன். மீட்டர்ல ஸ்டெடியா 5 வோல்ட், ஆனா ஸ்கோப்பை சிப்போட 7, 8 பின்லயே வச்சா சில மைக்ரோசெகண்டுக்கு 4 வோல்ட்டுக்கு இறங்குது. ப்ரவுன்அவுட்டை 4.3ல வச்சிருக்கேன், MCUSR-ல BORF-உம் செட் ஆகியிருக்கு, அதனால காரணம் பவர்தான்.

100 நானோ கெப்பாசிட்டர் 4 செ.மீ தள்ளி இருந்துச்சு, அவ்ளோ நீள ட்ராக்கோட இண்டக்டன்ஸ்ல அது இருந்தும் இல்லாத மாதிரிதான்! அதை சிப்போட பின்னுக்குப் பக்கத்துலயே சால்டர் பண்ணதும் ரீசெட் குறைஞ்சுச்சு, நிக்கல. ரிலே காயில் 70 மில்லிஆம்ப் இழுக்குது, அதை 100 நானோ மட்டும் தாங்கினா 1.4 மைக்ரோசெகண்டுலயே 1 வோல்ட் போயிடும்.

அப்போ 47 மைக்ரோ ஒண்ணு சேர்க்கணும்னு நினைக்கிறேன், அதை ரிலே பக்கம் வைக்கவா, சிப் பக்கமா? AVCC பின்னுக்கும் தனியா 100 நானோ வேணுமா?